வீட்டுக் கடன் ஏன் ரிஜெக்ட் ஆனது? தக்கலையில் அலைந்து தெரிந்துகொண்டவை

தக்கலைப் பக்கம் எங்களுக்கு ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. அதில் வீடு கட்ட 15 லட்சம் ரூபாய் கேட்டு வங்கியில் விண்ணப்பித்தேன். முந்திரி ஆலையில் சூப்பர்வைசர் வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் 34,000, அதுவும் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. இடம் என் பெயரில் இருக்கிறது. மறுக்க ஒரு காரணமும் இல்லை என்றே நினைத்தேன். மறுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பல மாதம் யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் அலைந்தேன், கையில் இருந்த பணமும் கரைந்தது. லோன் கிடைக்கவில்லை என்றால் ஏதோ திருட்டு செய்த மாதிரி வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். வீட்டில்கூட முதல் வாரம் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கூச்சத்தால்தான் இந்த விஷயங்களை யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்று இப்போது புரிகிறது. இப்போது எங்கள் பகுதியில் பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையே வைத்து, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்பது: வங்கி மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும், எழுத்திலேயே சொல்ல வேண்டும். கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கு அது தெரியாது. கவுன்டரில் இருந்தவர் "சிஸ்டத்துல எடுக்கல சார்" என்று ஒரே வரியில் முடித்தார். நான் என் ஊகத்துக்குப் போனேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால், பழைய தாய்ப்பத்திரங்கள் பல வீடுகளில் மலையாளத்தில்தான் இருக்கும். எங்கள் பத்திரமும் அப்படித்தான். வங்கி வக்கீலுக்கு அதுதான் இடித்திருக்கும் என்று முடிவு கட்டி, மொழிபெயர்க்க ஒருவரைத் தேடிப் பிடித்து, வேறொரு வக்கீலிடம் கருத்தும் வாங்கி, 6,500 ரூபாய் செலவு செய்தேன். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை அங்கே இல்லவே இல்லை. முதல் வங்கியில் கட்டிய 3,540 ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் திரும்ப வராது. நிராகரித்ததும் வெள்ளைத் தாளில் விண்ணப்ப எண், தேதி, கேட்ட தொகை எழுதி, "நிராகரித்த காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்று மேலாளர் பெயருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நான் அப்படிக் கொடுத்தபோது, அதுவரை என்னை நிற்க வைத்தே பேசி அனுப்பியவர்கள் உட்காரச் சொன்னார்கள். கடன் தகவல் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருப்பதாகப் பதில் வந்தது. அந்த ஒரு வரி முதலிலேயே கையில் இருந்திருந்தால் மொழிபெயர்ப்புக்கும் வக்கீலுக்கும் அலைந்திருக்க மாட்டேன்.

சரி, அந்த அறிக்கையை எங்கே வாங்குவது, வாங்கினால் எதைப் பார்ப்பது? எல்லோரும் சிபில் என்றே சொல்கிறோம். ஆனால் இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றிடமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அவர்களுடைய இணையதளத்தில் பான் எண், மொபைல் எண் போன்ற விவரங்களைக் கொடுத்து எடுக்கலாம். நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அது உண்மையில்லை. ஸ்கோர் 300இலிருந்து 900 வரை. எனக்கு 612 என்று வந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் பெயரில் ஒரு தவணைகூடப் பாக்கி இல்லை என்று அவ்வளவு நம்பிக்கையாக இருந்தேன். ஆனால் அந்த மூன்று இலக்க எண்ணையே வெறித்துப் பார்ப்பதில் பயன் இல்லை. கீழே ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியாகக் கட்டம் இருக்கும். அதில் மாதம் மாதமாக DPD என்று ஒரு வரிசை. தவணை தேதி தாண்டி எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதுதான் அந்த எண். 000 அல்லது STD என்றிருந்தால் பிரச்சினை இல்லை. வேறு எண் இருந்தால் அங்கே விரலை வைத்து நிறுத்தி, அது எந்தக் கடன், எந்த மாதம் என்று பாருங்கள்.

என் அறிக்கையில் இரண்டு இடத்தில் விரல் நின்றது. முதலாவது, எப்போதோ முடித்துவிட்ட வாஷிங் மெஷின் தவணை. கடைசித் தவணை நாளில் கணக்கில் பணம் இருந்தும், ஏதோ தொழில்நுட்பக் கோளாறால் பணம் எடுக்கப்படாமல் திரும்பியது. இரண்டு நாள் கழித்து ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார், தவணையை யுபிஐயில் வாங்கிக்கொண்டு "அவ்வளவுதாண்ணே, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பணம் திரும்பியதற்கான அபராதம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் என் பெயரில் நின்றுகொண்டே இருந்தது. கம்பெனி அதைப் பாக்கியாகவே மாதாமாதம் அனுப்பியிருக்கிறது. 30, 60, 90 என்று ஏறி, நான் பார்த்தபோது அந்தக் கட்டத்தில் 540 என்று இருந்தது. எனக்கு ஒரு போன் இல்லை, கடிதம் இல்லை. அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், 590 ரூபாய்க்காகவா 15 லட்சத்தை மறுப்பார்கள்? ஆமாம். முதல் கட்டச் சோதனையைக் கணினிதான் செய்கிறது. அது பாக்கித் தொகையைவிட, எத்தனை நாளாகப் பாக்கி என்பதைத்தான் பெரிதாக எடுக்கிறது. 90 நாளைத் தாண்டினாலே வங்கிக் கணக்கில் அது வாராக்கடன் வகை. 540 நாள் பாக்கி வைத்திருப்பவர் என்று பதிவு இருந்தால், உங்கள் கோப்பு மேலாளர் மேஜைக்குப் போவதற்கு முன்பே நின்றுவிடும். அதனால் எந்தச் சின்னத் தவணையாக இருந்தாலும், போன் வாங்கியதோ மிக்சி வாங்கியதோ, கடைசித் தவணை கட்டி ஒரு மாதம் கழித்து மூன்று காகிதம் வாங்கி வையுங்கள்: பாக்கி எதுவும் இல்லை என்ற என்ஓசி, முழுக் கணக்கு விவரம், தவணை எடுக்க வங்கியில் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்ததற்கான அத்தாட்சி.

இந்தப் பதிவை எப்படித் திருத்துவது, எவ்வளவு நாள் ஆகும்? நான் நாகர்கோவிலில் உள்ள அந்தக் கம்பெனி கிளைக்கே நேரில் போனேன். அங்கிருந்த பையன் நல்லபடியாகத்தான் பேசினான். ஆனால் அவன் சொன்ன வழி ஆபத்தானது. "அண்ணே, 300 கட்டுங்க, செட்டில்மென்ட்ல முடிச்சிரலாம்" என்றான். 290 ரூபாய் மிச்சம் என்று தலையாட்டியிருந்தால், அறிக்கையில் அந்தக் கடன் Settled என்று விழுந்திருக்கும். முழுசாகக் கட்டாமல் பேசித் தீர்த்தது என்று அதற்கு அர்த்தம். அடுத்து கடன் கொடுக்க வருகிறவர் அதைப் பார்த்தால் பின்வாங்குவார். நமக்கு வேண்டியது Closed என்ற பதிவு. கிரெடிட் கார்டு பாக்கியில் நிறையப் பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான், தள்ளுபடி கிடைத்தது என்ற சந்தோஷத்தில் வீட்டுக் கடனை இழந்துவிடுகிறார்கள். நான் 590ஐயும் முழுசாகக் கட்டி, ரசீதும் என்ஓசியும் வாங்கினேன். பிறகு இரண்டு இடத்தில் ஒரே நாளில் புகார் போட்டேன்: கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல், சிபில் தளத்தில் டிஸ்ப்யூட். டிஸ்ப்யூட்டுக்குக் கட்டணம் கிடையாது. அதில் யுபிஐ ரசீது, வங்கிக் கணக்கில் அன்று பணம் இருந்ததைக் காட்டும் பக்கம் எல்லாவற்றையும் இணைத்தேன்.

இந்த இடத்தில் நமக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. 2024 ஏப்ரல் 26 முதல், இப்படிப்பட்ட புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. அந்த 30இல் 21 நாள், கடன் கொடுத்தவர் சரியான தகவலை அனுப்புவதற்கு. மின்னஞ்சலில் இந்த விதியையும் ஒரு வரி குறிப்பிட்டேன். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் அசைந்தது. கெடுவுக்குள் கடன் Closed என்று மாறியது, 540 போய்விட்டது. அப்படியும் தீரவில்லை என்றால், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் எடுப்பார்கள். இன்னொன்று, சிபிலில் சரியானதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மற்ற மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். எனக்கு ஒன்றில் பழைய பாக்கி அப்படியே நின்றது, அங்கே தனியாகப் புகார் போட வேண்டியிருந்தது. நீங்கள் போகும் வங்கி எந்த அறிக்கையைப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது இடம்தான் என்னை அதிகம் வருத்தியது. அதிலிருந்து வரும் கேள்வி இது: ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அது என் கடனா? என் சித்தி மகன் குளச்சல் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் மினி லாரி வைத்திருக்கிறான். அதன் கடனுக்கு நான் ஜாமீன். "அண்ணே, நீ ஒரு கையெழுத்து மட்டும் போடு, தவணை என் பாடு" என்று வந்து நின்றான். கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்தவன், நானும் சந்தோஷமாகவே போட்டேன். அவன் ஏமாற்றவும் இல்லை. கடனில் பாக்கியே கிடையாது. ஆனால் என் அறிக்கையில் Guarantor என்ற பெயரில் அந்தக் கடன் முழுசாக இருக்கிறது, அவன் கட்டிய ஒவ்வொரு மாதமும் இருக்கிறது. வரிசையாக 000 என்று போய், ஜூனில் 25, ஜூலையில் 56, ஆகஸ்டில் மறுபடி 000. அடுத்த வருஷமும் அச்சு மாறாமல் அதே 25, அதே 56. பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் பொறிதட்டியது. எங்கள் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு கடலுக்குப் போகாது, லாரிக்கு லோடு இல்லை, அவன் கையில் காசு இல்லை. ஆகஸ்டில் படகு போனதும் மூன்று தவணையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறான். அவன் கணக்கில் அது நாணயமான மனுஷன் செய்கிற வேலை. கணினிக்குத் தடைக்காலம் தெரியாது. இரண்டு வருஷமும் 50 நாளுக்கு மேல் தாமதமான கடனுக்குப் பொறுப்பாளி என்று மட்டும் என்னைப் பற்றி அதற்குத் தெரியும்.

ஜாமீனிலிருந்து விலக முடியுமா என்று கேட்டேன். கடன் கொடுத்தவர் சம்மதித்து, எனக்குப் பதிலாக வேறு ஒருவர் வந்தால்தான் முடியும். வேறு யாரும் வரத் தயாராக இல்லை, தம்பியை அப்படி நெருக்கவும் எனக்கு மனசில்லை. நேரில் உட்கார்ந்து அந்தக் கட்டங்களைக் காட்டினேன். "இது உன் பேருலயும் வருமாண்ணே?" என்று அவன் முகம் மாறிவிட்டது. பிறகு சீசன் நன்றாக இருந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, மே மாதம் முடிவதற்குள் இரண்டு தவணைப் பணத்தைத் தவணை எடுக்கும் கணக்கிலேயே போட்டு வைத்தான். அந்த வருஷம் ஜூனும் ஜூலையும் 000. மீன், ரப்பர், செங்கல் சூளை என்று வருஷத்தில் சில மாதம் வருமானம் நின்றுபோகும் தொழிலில் இருக்கிறவருக்கு ஜாமீன் போடுவதாக இருந்தால், அந்த மாதங்களுக்கான தவணையை எங்கே ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பதை முதலிலேயே கேளுங்கள். ரப்பர் பால் வெட்டுக்கும் மழைக்காலம் இப்படித்தானே. பழைய 25உம் 56உம் உண்மையான பதிவுகள், அவற்றை அழிக்க யாராலும் முடியாது. பணம் கொடுத்தால் அழித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். அதற்கு மேலே நல்ல மாதங்கள் சேரச் சேர, பழையதன் பாரம் குறையும்.

ஒரு வங்கி மறுத்தால் உடனே வேறு வங்கியில் கேட்கலாமே? நானும் அப்படித்தான் நினைத்து ஒரு ஏஜெண்டைப் பார்த்தேன். 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் பல இடங்களுக்கு அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் என் அறிக்கையை எடுத்துப் பார்த்ததும், தேதியோடும் தொகையோடும் பதிவானது. பார்க்கிறவருக்கு, இந்த ஆள் எங்கெங்கோ 15 லட்சம் கேட்டு அலைகிறான், யாரும் கொடுக்கவில்லை என்றுதான் தெரியும். ஸ்கோர் மேலும் இறங்கியது. இப்போது யாராவது நம் அறிக்கையை எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மறுக்கப்பட்ட காரணத்தைச் சரிசெய்யாமல் எங்கே போனாலும் அதே அறிக்கைதான் நமக்கு முன்னால் போய் நிற்கும். அந்தச் சமயத்தில் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்து, வானம் தோண்டியும் ஆகிவிட்டது. மூன்று வட்டிக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000, வட்டி மட்டும். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் அதையே கணக்குப் பார்த்தேன். வீட்டுக்காரி "குழி மூடிப் போனா போகட்டும், வட்டிக்கு வாங்காதீங்க" என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் சொன்னதுதான் சரி.

கடைசியாக, ஸ்கோர் நன்றாக இருந்தும் கேட்ட தொகையைக் குறைப்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். இது தவணை தாங்கும் கணக்கு. வங்கிக்கு வங்கி மாறும், ஆனால் என் சம்பள அளவுக்கு, எல்லாத் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றார்கள். 34,000இல் பாதி 17,000. எனக்கு பைக் தவணை 3,100, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்த தனிநபர் கடன் தவணை 2,400. இரண்டும் போக மிச்சம் 11,500. வீட்டுக் கடனுக்கு 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால், ஒரு லட்சத்துக்குத் தவணை ஏறக்குறைய 900 ரூபாய். 11,500ஐ 900ஆல் வகுத்தால் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் லட்சம்தான் வரும். அறிக்கை சுத்தமாக இருந்திருந்தாலும் எனக்கு 15 கிடைத்திருக்காது! ஆனால் அந்தத் தனிநபர் கடனில் பாக்கி இருந்தது சுமார் 20,000 ரூபாய்தான். அதை அடைத்துவிட்டால் மிச்சம் 13,900 ஆகிறது, 15 லட்சத்தைத் தாண்டுகிறது. போனஸ் வந்ததும் முதல் வேலையாக அதை அடைத்தேன். உங்கள் தவணைகளையும் இப்படி எழுதிப் பாருங்கள். முடியப்போகிற சின்னக் கடன் எது, அதை மூடினால் எத்தனை லட்சம் கூடும் என்பது வங்கிக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். என் மனைவியின் தையல் வருமானத்தையும் சேர்க்கக் கேட்டேன். ரொக்கமாக வரும் பணத்துக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த சான்று இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். இந்த வருஷத்திலிருந்து அவளும் தாக்கல் செய்கிறாள்.

மறுபடி எப்போது விண்ணப்பிப்பது என்பதற்கு ஒரே தேதி சொல்ல முடியாது. நான் பார்த்தது மூன்றை: தவறான பதிவு நான்கு அறிக்கையிலும் மாறியிருக்க வேண்டும், அடைத்த கடன் Closed என்று வந்திருக்க வேண்டும், கடைசியாகக் கடன் கேட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இப்போது கடன் நிறுவனங்கள் மாதத்துக்கு இரண்டு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், முன்பைப் போல நீண்ட நாள் காத்திருக்க வேண்டாம். ஸ்கோர் 741க்கு வந்தபோது சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கே, ஏஜெண்ட் இல்லாமல் போனேன். கட்டணம் கட்டும் முன்பே மேலாளரிடம் அறிக்கையை நீட்டி, மினி லாரிக் கட்டங்களை நானே காட்டினேன். தடைக்காலத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதி, இந்த வருஷ ஜூன், ஜூலை தவணை ரசீதுகளையும், தம்பியின் வங்கிக் கணக்குப் பக்கங்களையும் இணைத்துத் தரச் சொன்னார். அதையும் சேர்த்துத்தான் மேலிடத்துக்கு அனுப்பினார். 14.5 லட்சம் அனுமதி வந்தது. மலையாளப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை அந்த வங்கி வக்கீல் கேட்கவே இல்லை, அவருக்கே மலையாளம் வாசிக்கத் தெரியும்.